கம்ப்யூட்டர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா தேதி பழைய வருஷத்துக்குப் போகுதா? மதர்போர்டு பேட்டரிய நாமளே மாத்துறது எப்படி, முழுசா

பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி நம்ம ஊர் அண்ணாச்சி ஒருத்தர் மளிகைக் கடை வச்சிருக்கார். பில் போடுறதுக்கு 2016ல வாங்கின அசெம்பிள்டு டெஸ்க்டாப். போன மாசம் ஒரு திங்கக்கிழமை காலைல பால் வாங்கப் போனேன், பில்லுல தேதி 01-01-2016ன்னு இருந்துச்சு. "அண்ணாச்சி, பழைய விலையும் போடுவீங்களா?"ன்னு கேட்டேன், அவருக்கு சிரிப்பு வரல. "தம்பி, ஒரு மாசமா இதே ரோதனை, மதர்போர்டு போச்சு ஆறாயிரம் ஆகும்னு ஒரு ஆள் பாத்துட்டுச் சொல்லிட்டுப் போயிருக்கான்"னார். கடைசில ஆன செலவு 50 ரூபாய். அந்த 50 ரூபாய் வேலைய எப்படிப் பண்றது, அதவிட முக்கியமா, பிரச்சனை நிஜமாவே பேட்டரிதானான்னு கழட்டுறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது, இதத்தான் எழுதப் போறேன்.

தேதி எங்க இருக்கு, ஏன் மறக்குது

மதர்போர்டு சிப்செட்டுக்குள்ள ஒரு சின்ன கடிகாரம் தனியா ஓடிக்கிட்டே இருக்கும். பக்கத்துல ஒரு குவார்ட்ஸ் கிறிஸ்டல், அது செகண்டுக்கு 32,768 தடவை துடிக்கும், அந்த எண்ணிக்கைய வச்சு ஒவ்வொரு செகண்டா கூட்டிக்கிட்டே போகும், கைக்கடிகாரத்துல இருக்குற அதே சமாச்சாரம்தான். விண்டோஸ் ஆன் ஆகும்போது இந்தக் கடிகாரத்தப் பாத்துதான் நேரம் தெரிஞ்சுக்குது. மெஷின் ஆஃப்ல இருக்கும்போதும் இது ஓடணும்ல, அதுக்குத்தான் போர்டுல ஒத்த ரூபாய் காசு மாதிரி ஒரு பட்டன் பேட்டரி. சிமாஸ் பேட்டரின்னு சொல்லுவாங்க.

இங்கதான் நெறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. ஷட் டவுன் பண்ணாலும் சுவத்துல ஸ்விட்ச் ஆன்ல இருந்தா மெஷினுக்கு கரண்ட் குடுக்குற பெட்டி, அதான் எஸ்எம்பிஎஸ், சும்மா இருக்காது, 5 வோல்ட் ஸ்டேண்ட்பைன்னு ஒரு லைன்ல போர்டுக்கு கொஞ்சம் கரண்ட் அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்தக் கடிகாரம் அதுலயே ஓடிடும், பேட்டரிய பெருசா தொடாது. சுவத்து ஸ்விட்ச ஆஃப் பண்ணாதான், இல்ல கரண்ட் போனாதான், பாரம் முழுக்க பேட்டரி மேல விழும். நம்ம வீட்டுல எல்லாம் ராத்திரி ஆனா மெயின் ஸ்விட்ச அணைச்சுட்டுத்தான் படுப்போம், அண்ணாச்சி கடைய சாத்தும்போது ஃப்ரிட்ஜ் லைன் தவிர மத்த எல்லாத்தையும் அணைச்சிட்டுப் போவார். அதனாலதான் ஆபீஸ்ல எப்பவும் யூபிஎஸ்லயே கிடக்குற மெஷின்ல பேட்டரி செத்துப் போயிருந்தா கூட வருஷக்கணக்கா யாருக்கும் தெரியாது, அத ஒரு நாள் வேற டேபிளுக்கு மாத்த பிளக்க புடுங்குவாங்க பாருங்க, அப்பதான் தெரியும்.

எவ்ளோ நாள் வரும்னு கணக்கு போட்டுப் பாக்கலாம். இந்த பேட்டரில சுமார் 220 மில்லி ஆம்பியர் அவர் இருக்கும், கடிகாரம் இழுக்குறது சில மைக்ரோ ஆம்பியர்தான், 5ன்னு வச்சுக்கிட்டா 44,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 5 வருஷம். ராத்திரி மட்டும் பேட்டரில ஓடுற அண்ணாச்சி மெஷினுக்கு அது எட்டு ஒம்போது வருஷம் வந்ததுல ஆச்சரியம் இல்ல.

மொத அறிகுறி தேதி மாறுறது இல்ல

பேட்டரி ஒரே நாள்ல சாகாது. அண்ணாச்சிகிட்ட தோண்டித் துருவிக் கேட்டதுல கத முழுசா வந்துச்சு. முதல்ல ஒரு ரெண்டு வாரம் தேதி மாறல, கடிகாரம் மட்டும் லேட்டாச்சு. ராத்திரி 10:40க்கு கடைய சாத்துறார், காலைல 6 மணிக்கு வந்து ஆன் பண்ணா நேத்து ராத்திரி 10:42ன்னு காட்டுது. ராத்திரி பூரா கடிகாரம் தூங்கியிருக்கு. ஏன்னா வோல்டேஜ் இறங்கும்போது மொதல்ல நிக்கிறது அந்த கிறிஸ்டல் துடிப்புதான், கடைசியா இருந்த நேரத்த ஞாபகம் வச்சுக்கறதுக்கு அதவிட கம்மி வோல்டேஜ் போதும். இது மொதல் கட்டம். அப்புறம் இன்னும் இறங்கினதும் ஞாபகமும் போயிடும், அப்பதான் பழைய வருஷத்துக்குத் தாவும். அவருக்கு அது ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாத்தி திங்கக்கிழமை தெறக்குற அந்த நீளமான இடைவெளிலதான் மொதல்ல நடந்துச்சு.

எந்த வருஷத்துக்குப் போகும்ங்கறது போர்டுக்கு போர்டு மாறும், பெரும்பாலும் ஆன் பண்ணதும் போர்டுல மொதல்ல ஓடுற பயாஸ்ங்கற புரோகிராம எழுதின காலத்த ஒட்டி ஏதோ ஒரு ஜனவரி 1. ஆன் பண்ணதும் கருப்பு ஸ்க்ரீன்ல இந்த மாதிரி ஒண்ணு வரும், இது வந்தா கிட்டத்தட்ட உறுதின்னு வச்சுக்கலாம்:

```
CMOS Checksum Error - Defaults Loaded
CMOS Date/Time Not Set
Press F1 to Run SETUP
```

"நெட் இருக்கே தம்பி, அதுவே சரி பண்ணிக்காதா, சில நாள் பண்ணுது, சில நாள் பண்ண மாட்டேங்குது"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். விண்டோஸ் நெட்ல நேரம் கேட்டு சரி பண்ணிக்கும், ஆனா சாதாரண வீட்டு மெஷின்ல வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல இருந்தா சந்தேகப்பட்டு மாத்தாம விட்டுடும், அதுதான் டீஃபால்ட். ராத்திரி ஏழு மணி நேரம் பின்தங்கினப்ப தானா சரியாச்சு, பல வருஷம் பின்னால போனப்ப கையால மாத்த வேண்டியதாச்சு. அதுவரைக்கும் பேங்க் சைட், ஜிஎஸ்டி சைட் எதுவும் தெறக்காது. ஒவ்வொரு சைட்டோட சர்டிபிகேட்டும் இந்தத் தேதிலருந்து இந்தத் தேதி வரைக்கும்தான் செல்லும்னு இருக்கும், 2016ல நிக்கிற மெஷின் கண்ணுக்கு இப்போதைய சர்டிபிகேட் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்ல. குரோம்ல `Your clock is behind`ன்னு வரும், கீழ `NET::ERR_CERT_DATE_INVALID`. இதப் பாத்துட்டு வைரஸ்னு நெனச்சு ஃபார்மேட் அடிச்சவங்கள எனக்குத் தெரியும்.

கழட்டுறதுக்கு முன்னாடி: பேட்டரிதானான்னு ஒரு சோதனை

ரெண்டு ராத்திரி செலவு பண்ணுங்க, அவ்ளோதான். மெஷின ஆன் பண்ணி உடனே `Del` இல்ல `F2` தட்டிக்கிட்டே இருந்து பயாஸ்குள்ள போங்க (பிராண்டட் மெஷின்னா `F10`, `F1`ன்னு மாறலாம்), தேதி நேரத்த ஃபோனப் பாத்து சரி பண்ணி `F10` அடிச்சு சேவ் பண்ணுங்க. முதல் நாள் ராத்திரி ஷட் டவுன் மட்டும் பண்ணுங்க, சுவத்து ஸ்விட்ச் ஆன்லயே இருக்கட்டும். காலைல ஆன் பண்ணி நேரா பயாஸ்குள்ள போய்ப் பாருங்க. விண்டோஸ்குள்ள போய்ப் பாக்காதீங்க, அது நெட்ல கேட்டு சத்தமில்லாம சரி பண்ணியிருந்தா நீங்க ஏமாந்துருவீங்க. ரெண்டாவது நாள் ராத்திரி அதே மாதிரி, ஆனா சுவத்து ஸ்விட்சையும் அணைங்க.

மொத நாள் சரியா இருந்து ரெண்டாவது நாள் தப்பா இருந்தா பேட்டரிதான், இல்ல பேட்டரி உக்காந்திருக்குற இடம். ரெண்டு நாளும் சரியா இருந்தா பேட்டரிய விட்டுடுங்க, கோளாறு விண்டோஸ்ல இருக்கு. ரெண்டு நாளும் தப்பா இருந்தா போர்டு விவகாரமா இருக்க வாய்ப்பு அதிகம், 50 ரூபாய்தானேன்னு பேட்டரி மாத்திப் பாக்கலாம், ஆனா பெருசா நம்பாதீங்க.

இன்னொரு ஆள் இருக்கான், சரியா அஞ்சரை மணி நேரம் தப்பு காட்டுறவன். தேதி வருஷம் எல்லாம் சரி, நேரம் மட்டும் 5:30 கூட கொறைய இருந்தா அது பேட்டரி கெடயாது, சத்தியமா கெடயாது. டைம் ஸோன் தப்பா இருக்கும், இல்ல ஒரே மெஷின்ல லினக்ஸும் விண்டோஸும் போட்டிருப்பீங்க. லினக்ஸ் போர்டு கடிகாரத்துல கிரீன்விச் நேரத்த எழுதும், விண்டோஸ் அத இந்திய நேரம்னு நெனச்சுப் படிக்கும், ரெண்டும் மாத்தி மாத்தி சண்ட போடும். இங்க பெங்களூருல ஐடி பசங்க வீட்டுல இது ரொம்ப சகஜம். லினக்ஸ் பக்கம் இத ஒரு தடவ அடிச்சா சண்ட ஓயும்:

```
timedatectl set-local-rtc 1
```

மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே நேரம் பின்தங்குனாலும் பேட்டரிய கொற சொல்லாதீங்க, ஓடும்போது அதுக்கு வேலையே இல்ல.

மல்டிமீட்டர் இருந்தா இன்னும் சுலபம். பிளக்க புடுங்கி சில மணி நேரம் விட்டுட்டு, பேட்டரி இருந்த இடத்துலயே, 20 வோல்ட் டிசி ரேஞ்சுல சிவப்பு முனைய பேட்டரி மேல்பக்கம், கருப்ப கேபினெட்டோட பெயிண்ட் இல்லாத ஸ்க்ரூ மேல வைங்க. புதுசு 3.2 வோல்ட் பக்கம் காட்டும், 2.8க்கு கீழ போனா மாத்துற நேரம், 2.5க்கு கீழன்னா அது போய்ச் சேந்தாச்சு. அண்ணாச்சியோடது 2.41. ஒரு விஷயம், வெளிய எடுத்து கொஞ்ச நேரம் வச்சு அளந்தா சோர்ந்த பேட்டரியும் ரெஸ்ட் எடுத்துட்டு 2.9ன்னு பொய் சொல்லும், அதனாலதான் இடத்துலயே வச்சு அளக்கச் சொல்றேன்.

எந்த பேட்டரி வாங்கணும்

பழசு மேல எழுதியிருக்குறத படிங்க. டெஸ்க்டாப்ல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் சிஆர் 2032தான். அந்த நம்பர்லயே அளவு இருக்கு, 20ன்னா 20 மில்லிமீட்டர் அகலம், 32ன்னா 3.2 மில்லிமீட்டர் கனம். கடைல அது இல்லன்னு 2025 குடுத்து "ரெண்டும் 3 வோல்ட்தான் சார்"னு சொல்லுவாங்க. வோல்டேஜ் உண்மைதான், ஆனா அது 2.5 மில்லிமீட்டர்தான் கனம், ஹோல்டர்ல லூசா உக்காரும், ஒரு தட்டு தட்டினா தேதி போயிடும். 2032தான் வேணும்னு நில்லுங்க.

எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறஞ்ச எஸ்.பி. ரோட்டுல வாங்குனா சல்லிசா கெடைக்கும், ஆனா தள்ளுவண்டில பாக்கெட் இல்லாம குவிச்சு வச்சிருக்கறத வாங்காதீங்க, ஒண்ணோட ஒண்ணு உரசி ஷார்ட் ஆகி பாதி உயிர் அங்கயே போயிருக்கும். சீல் போட்ட அட்டைல, எக்ஸ்பைரி பாத்து வாங்குங்க. நான் வாங்கினது அல்சூர்லயே ஒரு வாட்ச் கடைல, 50 ரூபாய். கார் சாவி, சுகர் பாக்குற மெஷின், எடை பாக்குற மெஷின்னு நெறைய சாமான்ல இதான் இருக்கு, அதனால மெடிக்கல் ஷாப்லயும் கேட்டுப் பாக்கலாம்.

பேட்டரிய தொடுறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய ரெண்டு வேலை

இத அவசரத்துல விட்டுட்டு அப்புறம் அழுறவங்க அதிகம். பேட்டரிய எடுத்தா நெறைய போர்டுல பயாஸ் செட்டிங்ஸும் ஃபேக்டரி நெலைக்குப் போயிடும். அதனால மொதல்ல பயாஸ்குள்ள போய் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்குங்க. குறிப்பா ரெண்டு இடம். ஒண்ணு, டிஸ்க்கோட போர்டு எப்படிப் பேசணும்னு சொல்ற சாட்டா மோடு, அது `AHCI`யா `RAID`டா `IDE`யான்னு. இன்னொண்ணு பூட் செட்டிங், `UEFI`யா `Legacy`யா, எந்த டிஸ்க் மொதல்ல வருதுன்னு. பேட்டரி ஏற்கனவே செத்து செட்டிங்ஸ் பறிபோன மெஷினா இருந்தாலும் பரவால்ல, இப்ப அது ஓடுற நெலைமைய படம் புடிச்சு வைங்க.

ரெண்டாவது, டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கான்னு பாக்கணும். புது விண்டோஸ்ல நாம கேக்காமலே டிஸ்க்க பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்க வாய்ப்பு இருக்கு, பயாஸ் ரீசெட் ஆனதும் அது எதோ தில்லுமுல்லுன்னு நெனச்சு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிக்கும். கமாண்ட் பிராம்ப்ட்ட அட்மின்னா தெறந்து:

```
manage-bde -status C:
```

`Protection On`னு வந்தா மொதல்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் அந்தக் கீய பேப்பர்ல எழுதி வச்சுக்குங்க, அப்புறம் தற்காலிகமா நிறுத்தி வைக்கலாம்:

```
manage-bde -protectors -disable C:
```

இத அடிச்சிட்டு நேரா ஷட் டவுன், ஏன்னா அடுத்த தடவ விண்டோஸ் ஆன் ஆகும்போது தானாவே திரும்ப ஆன் ஆயிடும். அண்ணாச்சி மெஷின்ல இது இல்ல, தப்பிச்சார்.

இப்ப கழட்டலாம்

ஷட் டவுன் பண்ணி சுவத்து ஸ்விட்ச அணைச்சு, எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்குற பவர் கேபிளையே புடுங்கிடுங்க. ஸ்விட்ச் மட்டும் அணைச்சா போதாதான்னா, போதாது, நம்ம ஊர் வயரிங்ல ஸ்விட்ச் எந்த லைன வெட்டுதுன்னு யாரு கண்டா. புடுங்கினதுக்கு அப்புறம் மெஷினோட பவர் பட்டன ஒரு பத்து செகண்ட் அமுக்கிப் புடிங்க, உள்ள மிச்சம் இருக்குறது வடிஞ்சிடும். "கரண்ட்ட எடுக்காமலே மாத்துனா செட்டிங்ஸ் போகாது"ன்னு சிலர் ஐடியா குடுப்பாங்க, கேக்காதீங்க, பேட்டரி கை நழுவி போர்டு மேல விழுந்தா ரெண்டு பக்கமும் உலோகம், எத எதோட சேக்கும்னு சொல்ல முடியாது. அப்ப அந்த ஆறாயிரம் நெஜமாவே ஆகும்.

கேபினெட்ட படுக்கப் போட்டு பக்கத்துக் கதவக் கழட்டுங்க. தரைல கார்ப்பெட் மேல நின்னு பண்ணாதீங்க. உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி கேபினெட்டோட வெறும் உலோகப் பகுதிய ஒரு தடவ தொட்டுக்குங்க, ஒடம்புல இருக்குற ஸ்டேட்டிக் எறங்கிடும், அப்பப்ப தொட்டுக்கிட்டே இருங்க.

பேட்டரி பளபளன்னு தெரியும், பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் பக்கம் கீழ்ப் பாதில. பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தா அதுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், அப்ப கார்டோட ஸ்க்ரூவயும் பவர் கேபிளையும் எடுத்து, ஸ்லாட்டு ஓரத்துல இருக்குற பிளாஸ்டிக் கொக்கிய அமுக்கி கார்ட வெளிய எடுக்கணும். கொக்கிய அமுக்காம இழுத்து ஸ்லாட்டையே ஒடைச்சவங்க உண்டு. அண்ணாச்சி மெஷின்ல கார்டு கெடயாது, ஆனா தூசி இருந்துச்சு பாருங்க, அரிசி, பருப்பு, மொளகாத் தூள் எல்லாம் கலந்து ஒரு மசாலாவே இருந்துச்சு, பிரஷ்ஷால தட்டிட்டுதான் பேட்டரி கண்ணுக்கே தெரிஞ்சுது. மூணு தும்மல்.

ஹோல்டர நல்லாப் பாருங்க. வட்டத்தோட ஒரு பக்கம் சின்ன உலோக நாக்கு ஒண்ணு பேட்டரி விளிம்பப் புடிச்சிட்டு இருக்கும், எதிர்ப்பக்கம் அசையாத கொக்கி. அந்த நாக்க நகத்தாலயோ சின்ன ஸ்க்ரூ டிரைவர் முனையாலயோ பேட்டரிலேந்து வெளிப்பக்கமா மெதுவா தள்ளுங்க, மேல தூக்காதீங்க, வெளிப்பக்கமா. ஸ்பிரிங் இருக்கறதால பேட்டரி அந்தப் பக்கம் டக்குன்னு எந்திரிக்கும். எதிர்ப் பக்கத்துலேந்து நெம்புனா கொக்கி வளைஞ்சிடும், அப்புறம் எந்தப் புது பேட்டரி போட்டாலும் லூசாத்தான் நிக்கும். சில போர்டுல பேட்டரி நெட்டுக்குத்தலா நிக்கும், அதுல பக்கத்துல தள்ளிட்டு மேல உருவணும்.

எடுத்ததும் எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு பாத்துக்குங்க. படுத்த ஹோல்டர்ல + போட்ட, எழுத்து இருக்குற அகலமான பக்கம் மேல. காலி ஹோல்டரையும் ஒரு பார்வ பாருங்க, அடியில இருக்குற கான்டாக்ட்ல பச்சையா வெள்ளையா எதாவது படிஞ்சிருந்தா உலர்ந்த பிரஷ், இல்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால தொடச்சு காய விடுங்க. புது பேட்டரிய ஓரத்தப் புடிச்சு எடுங்க, ரெண்டு மூஞ்சியையும் சேத்துப் புடிக்காதீங்க, வெரல் எண்ணெய் பட்டா உலர்ந்த துணியால தொடச்சிடுங்க. அசையாத கொக்கிக்கு அடியில மொதல்ல சாய்ச்சு நொழைச்சு, அப்புறம் இந்தப் பக்கம் அமுக்குனா டிக்குன்னு சத்தம் வரும். சத்தம் வரலன்னா உக்காரல.

லேப்டாப் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல பேட்டரி ஒரு கருப்பு பிளாஸ்டிக் உறைக்குள்ள, ரெண்டு வயரோட சின்ன கனெக்டர்ல மாட்டியிருக்கும், அதே மாடலுக்கு உண்டானத வயரோட வாங்கித்தான் மாட்டணும். சிலதுல எம்எல்னு தொடங்குற நம்பர் இருக்கும், அது சார்ஜ் ஆகுற வகை, அங்க சிஆர் போட்டா போர்டு அத சார்ஜ் பண்ணப் பாக்கும், ஊதி கசிஞ்சு நாசமாயிடும். புது லேப்டாப் பலதுல தனி பேட்டரியே கெடயாது, மெயின் பேட்டரிலேந்தே எடுத்துக்கும், அங்க தேதி போகுதுன்னா மெயின் பேட்டரியத்தான் பாக்கணும்.

மாத்தின பிறகு முதல் ஆன்

கதவ மூடாம மொதல்ல ஆன் பண்ணிப் பாருங்க. ஒரு தடவ ஆன் ஆகி தானா ஆஃப் ஆகி திரும்ப ஆன் ஆகலாம், அரை நிமிஷம் ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கலாம், பயந்து பட்டன அமுக்காதீங்க, மெமரிய புதுசா பழகிக்கிட்டு இருக்கும். அப்புறம் மேல சொன்ன அதே `CMOS Checksum Error` வரும். "பேட்டரி மாத்தியும் வருதே"ன்னு அண்ணாச்சி மூஞ்சி சுருங்கிடுச்சு. இந்த ஒரு தடவ வர்றது சகஜம், `F1` அடிச்சு உள்ள போங்க.

தேதி போடும்போது கவனம், நெறைய பயாஸ்ல மாசம்தான் மொதல்ல வரும், அப்புறம் நாள். ஆகஸ்ட் 7ன்னா `08/07`. நம்ம பழக்கத்துல 07/08ன்னு போட்டா ஜூலை 8 ஆயிடும், ஒரு மாசம் பின்னால போய் திரும்ப சர்டிபிகேட் எரர், திரும்ப பேட்டரி மேல சந்தேகம். பக்கத்துல கிழமை காட்டுச்சுன்னா காலண்டரோட ஒத்துப் பாருங்க. நேரம் 24 மணிக் கணக்குல, சாயங்காலம் 6 மணின்னா 18.

அப்புறம் ஃபோட்டோவப் பாத்து சாட்டா மோடும் பூட் செட்டிங்கும் பழையபடி வைங்க. சாட்டா மோடு மாறிப் போயிருந்தா விண்டோஸ் `INACCESSIBLE_BOOT_DEVICE`னு நீலத் திரை காட்டும், டிஸ்க் போச்சுன்னு அர்த்தம் இல்ல, பயாஸ்ல அந்த ஒரு வரிய திருப்புனா போதும். அண்ணாச்சி மெஷின்ல டீஃபால்ட்டு `AHCI`, அவரோடதும் அதேதான், தொட வேண்டியதே இல்லாம போச்சு. பூட் வரிசைல மட்டும் டிவிடி டிரைவ் மேல வந்திருந்துச்சு, ஹார்ட் டிஸ்க்க மேல ஏத்தி `F10`.

விண்டோஸ் வந்ததும் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல:

```
tzutil /g
net start w32time
w32tm /resync
```

மொத வரிக்கு `India Standard Time`னு பதில் வரணும். ரெண்டாவது வரிக்கு சர்வீஸ் ஏற்கனவே ஓடுதுன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். மூணாவதுக்கு `the required time change was too big`னு வந்தா தேதிய எங்கயோ தப்பா போட்டிருக்கீங்கன்னு அர்த்தம், அந்த 15 மணி நேரக் கணக்குதான்.

இதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, அந்த சுவத்து ஸ்விட்ச் சோதனைய இன்னொரு தடவ பண்ணணும். நாங்க வெள்ளிக்கிழமை மாத்தினோம், புது பேட்டரி 3.24 காட்டுச்சு. ஞாயித்துக்கிழமை வழக்கம் போல எல்லாத்தையும் அணைச்சிட்டுப் போகச் சொன்னேன். திங்கக்கிழமை காலைல பால் வாங்கப் போனேன், பில்ல நீட்டி "பாரு தம்பி"ன்னார், தேதியும் சரி, நேரம் என் ஃபோனோட நிமிஷம் கூட மாறல. ஆனா அந்த ஒரு மாசத்துல 2016ன்னு அடிச்ச பில்லெல்லாம் ஜிஎஸ்டி கணக்குல அப்படியேதான் கெடந்துச்சு, அத ஆடிட்டர் கிட்ட உக்காந்து சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு அவருக்கு. கடைக் கணக்கு போடுற மெஷினா இருந்தா அந்த பழைய தேதில சேவ் ஆனத தேடி எடுத்துடுங்க.

புது பேட்டரியும் ரெண்டு மூணு வாரத்துல தேதிய விட்டா திரும்பத் திரும்ப பேட்டரி வாங்காதீங்க. அளந்து பாருங்க. 3 வோல்ட்டுக்கு மேல இருந்தும் தேதி போகுதுன்னா ஹோல்டர் லூசு, இல்ல போர்டுல `CLR_CMOS`னு எழுதின ரெண்டு மூணு ஊசி மேல மாட்டுற ஜம்பர்ங்கற சின்ன மூடி செட்டிங்ஸ அழிக்கிற நெலைல மாட்டியிருக்கு, பழைய மெஷின் கைமாறி வந்திருந்தா இத அவசியம் பாருங்க. ரெண்டு வாரத்துலயே 2.5க்கு எறங்கிடுச்சுன்னா, நல்ல கம்பெனி பேட்டரிதான்னா, போர்டு எங்கயோ கரண்ட்ட ஒழுக விடுது, அது சிப் லெவல் வேலை பாக்குறவங்க கிட்ட போக வேண்டிய கேஸ். போர்ட மாத்த மனசில்லன்னா சுவத்து ஸ்விட்ச அணைக்காம விட்டு ஓட்டலாம், கரண்ட் போற வரைக்கும்.

கழட்டின பழைய பேட்டரிய டேபிள் மேல போட்டுட்டுப் போகாதீங்க, வீட்டுல சின்னப் புள்ள இருந்தா சுத்தமா கூடாது. செத்த பேட்டரின்னாலும் தொண்டைல மாட்டுனா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக் குழாய அரிச்சுடும், முழுங்கிட்டதா சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே இருக்குற ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ரெண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி ஒரு டப்பால போட்டு வைங்க, இ-வேஸ்ட் எடுக்குறவங்க வரும்போது குடுத்துடலாம். அண்ணாச்சி கல்லாப்பெட்டில சில்லற கூட போடப் பாத்தார், கைலேந்து புடுங்கிட்டு வந்துட்டேன்.